பன்னிரண்டாவது தாள்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். நாற்காலி கிடையாது, பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டே கேட்க வேண்டும். பத்து நிமிடக் கூட்டம்தான். ஆனால் எட்டு மாதமாக அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் எனக்கே எனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

"நம்ம விஞ்ஞானி இந்த வாரம் என்ன கண்டுபிடிச்சிருக்காங்கன்னு பார்ப்போமா?" என்று ஆரம்பிப்பார் மேலாளர். கையில் ஒரு மஞ்சள் தாள் இருக்கும். அது நானே எழுதிப் போட்ட தாள், பழையதானாலும் விடமாட்டார்.

மஞ்சள் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரத்தமும் சிறுநீரும் நாள் முழுக்க வந்து குவியும் பெரிய மருத்துவமனை எங்களுடையது. இவ்வளவு டியூப்களைக் கையாளும் இடத்தில் தப்பே நடக்காது என்று எவராவது சொன்னால் அவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தப்புச் செய்தவரோ அதைப் பார்த்தவரோ ஒரு மஞ்சள் தாளில் தேதி, நேரம், நடந்தது, உடனே செய்த திருத்தம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாசலருகே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். யார் தலையை உருட்டலாம் என்று பார்ப்பதற்கு அல்ல, அதே தப்பு மறுபடி நடக்காமல் இருப்பதற்கு. பதினேழு வருடமாக நான் அப்படித்தான் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போன விஷயம்.

புது மேலாளர் வந்தார். எதை எழுதினாலும் சிவப்பு மையில்தான் எழுதுவார். அதனால் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர் விழுந்தது. வந்த முதல் மாதமே பெட்டியைத் திறந்து, தாள்களைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். வாசித்ததோடு விட்டாரா? "பதினேழு வருஷ அனுபவமாம், எங்க வாங்கினீங்க அதை?" என்று கேட்டார். இன்னொரு நாள், "சின்னப் பிள்ளைக்குக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்" என்றார். யாராவது சிரித்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். பயத்தில் சிரித்தவர்கள்தான் அதிகம், அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டே மாதத்தில் மற்றவர்கள் தாள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் நிறுத்தவில்லை. வீம்பு என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு எழுதாமல் இருக்கத் தெரியவில்லை. அதனால் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் என் தாள்களாகவே ஆகிவிட்டன, கூடத்தில் தப்புச் செய்கிற ஒரே ஆளாக நானும் ஆகிவிட்டேன்.

எட்டாவது மாதம் சிவப்பு மை என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மேம்பாட்டுத் திட்டம் என்று தலைப்பு. என் பெயரில் பதினோரு பிழைகள் பதிவாகியிருக்கின்றன. அடுத்த மூன்று மாதத்தில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. இருந்தால் பணி நீக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படும். கீழே கையெழுத்துப் போடும் இடம்.

பதினொன்றில் பத்து நான் எழுதியவை. பதினொன்றாவது என் கையெழுத்தே இல்லை. அது சிவப்பு மையில் இருந்தது. ஒருவரின் சர்க்கரை அளவை இன்னொருவர் பெயரில் கணினியில் ஏற்றியிருந்தார்கள், என் லாகினில். நான் அதைச் செய்யவில்லை என்று அப்போதே சொன்னேன். "உங்க லாகின், உங்க பெஞ்ச். பேயா வந்து அடிச்சுது?" என்று கேட்டார். தலைக்கு மேல் நின்றுகொண்டு கையெழுத்து வாங்கினார். நானும் போட்டுத் தொலைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, அழுகை வந்தது, அழுதேன். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸோடு வந்து நின்றவர் கடிதத்தை விரல் நுனியில் பிடித்துப் படித்தார்.

"ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. உன்ன மாதிரி ஆளுக்கு வேற லேப் கிடைக்காதா?"

"எதுக்கு நான் போகணும்?"

"அப்ப நான் வந்து ரெண்டு வார்த்தை கேக்குறேன்."

"நீங்க கேட்டா அது நாலு வார்த்தை ஆயிடும். சும்மா இருங்க."

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன், அவசரப்பட்டு. மருத்துவமனையில் துன்புறுத்தல் தடுப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கொடுமை என்ற சொல்லை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தங்கள் புகாரில் சொல்லப்பட்டவை துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் வரவில்லை, ஆகவே குழு இதை எடுத்துக்கொள்ள இயலாது. இரண்டே வரி. மறுநாள் கூட்டத்தில் சிவப்பு மை என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு மஞ்சள் தாள் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் மாதிரி வாங்கும் கவுன்டரில் இருப்பவளைச் சம்பந்தி என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தோம். உனக்குப் பையன் பிறந்தால் எனக்குப் பெண் பிறக்கட்டும் என்று பேசிவைத்தோம். இரண்டு பேருக்கும் பெண் பிறந்தது. பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. என் பெஞ்சில் ஆள் இல்லாதபோது அவள்தான் வந்து பார்த்துக்கொள்வாள். அவளிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"விட்டுடு. பெரிய இடம். நம்மால முடியாது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டிக்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வழி காட்டியது கொசுதான். கொசு என்றால் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுத்து வருபவர். பெயர்க் காரணம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமைதோறும் பொது நூலக மாடியில் ஒரு வழக்கறிஞர் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறார் என்றார்.

வழக்கறிஞர் என் வயதுதான் இருப்பார். பிளாஸ்டிக் மேசை, பக்கத்தில் ஒரு மின்விசிறி, அதில் பறக்காமல் இருக்கக் காகிதங்களின் மேல் ஒரு செருப்புக் கடைக் காலண்டர். என் நான்கு பக்கத்தையும் குழுவின் இரண்டு வரியையும் படித்தார்.

"உங்கள ஒரு பொண்ணுங்கிறதுக்காகப் பேசினாங்களா?"

"அவங்களும் பொண்ணுதான்."

"பொண்ணுன்னா பொண்ணைப் பேசக் கூடாதுன்னு இருக்கா? சரி. மதம், பிறப்பு, நிறம், உடம்புல குறை, வயசு, இப்படி எதையாவது சொல்லி?"

"இல்லை."

"அசிங்கமாப் பேசினாங்களா? அடிப்பேன், பார்த்துக்கிறேன்னு மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி பேசுவாங்க. அவ்வளவுதான்."

"காரணம் என்னன்னு நினைக்கிறீங்க?"

"என் மூஞ்சி பிடிக்கலை."

வழக்கறிஞர் பேனாவை வைத்தார். "மூஞ்சி பிடிக்காததுக்குச் சட்டம் இல்லைங்க. குழு சொன்னது சரி. நான் வழக்குப் போடுறேன்னு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா அங்கயும் இதேதான் சொல்லுவாங்க."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருப்பேன். கூட வந்திருந்த கொசு என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க, இன்னும் முடிக்கலை" என்றார் வழக்கறிஞர். "சட்டப்படி துன்புறுத்தல் இல்லன்னா அது சரியான நடத்தைன்னு ஆயிடுமா? நீங்க தட்டினது ஒரு கதவு. வேலைக்குச் சேர்ந்தப்போ ஒரு கையேடு குடுத்திருப்பாங்களே, இருக்கா?"

இருந்தது. அலமாரி அடியில் பிரிக்காத கவரிலேயே இருந்தது. கொசு கொண்டுவரச் சொல்லியிருந்ததால் கொண்டுபோயிருந்தேன். அவர் விரலால் தேய்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதோ பாருங்க, பணியிட மரியாதை. மத்தவங்க முன்னாடி அவமானப்படுத்துறது, ஒருத்தரை மட்டும் குறிவச்சுத் திரும்பத் திரும்ப மட்டம் தட்டுறது, இதெல்லாம் நடத்தை விதிமீறல். இதுக்குக் காரணம் மதமா நிறமான்னு யாரும் கேக்க வேண்டாம். இது குறைதீர்ப்பு முறை. எழுத்துல குடுத்தா அவங்க விசாரிச்சே ஆகணும், அதுவும் உங்க மேலாளருக்குக் கீழ இல்லாத ஆளுங்க. கடைசிச் சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், உங்களுக்கு நேரம் இருக்கு. அப்புறம் பணிப் பாதுகாப்பு. உடம்புக்கு மட்டும் இல்ல, மன உளைச்சலுக்கும் நிர்வாகம்தான் பொறுப்பு. தூக்கம் வருதா?"

"மூணு மணிக்கு முழிச்சுக்கிறேன்."

"டாக்டரைப் பாருங்க. கேஸுக்காகச் சொல்லலை, உங்களுக்காகச் சொல்றேன். சீட்டு இருந்தா பத்திரமா வச்சுக்குங்க." ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இதைப் படிச்சிருக்கீங்களா?"

தரக் கையேட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த பக்கம் அது. பிழைப் பதிவுத் தாள்களை ஊழியரின் பணி மதிப்பீட்டுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படுத்தக் கூடாது. வேண்டுமென்றே செய்ததோ மறைத்ததோ தவிர. பதினேழு வருடம் அந்தப் பக்கத்தின்மேல்தான் வேலை செய்திருக்கிறேன். ஒருநாளும் படித்ததில்லை.

"அவங்க உங்களைத் திருத்தலாம், கேள்வி கேக்கலாம், தனியாக் கூப்பிட்டு எழுத்துல எச்சரிக்கலாம். அதெல்லாம் மேலாளர் வேலை, அதைப் போய் புகார்ல எழுதாதீங்க. ஊரைக் கூட்டி வச்சு அவமானப்படுத்துறதும், இந்தத் தாள்களை வச்சு வேலையப் பறிக்கிறதும் வேற." என் நான்கு பக்கத்தைத் திருப்பித் தந்தார். "இதுல கொடுமைன்னு பதினாலு தடவை எழுதியிருக்கீங்க. ஒரு தேதிகூட இல்லை. நீங்க லேப்ல ரிசல்ட் எப்படி எழுதுவீங்க? சர்க்கரை பயங்கரமா இருக்குன்னா எழுதுவீங்க?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. சரியான இடத்தில்தான் தைத்தது.

"இன்னொண்ணு" என்றார். "ராஜினாமா பண்ணாதீங்க. வெளிய போயிட்டு, என்னைத் துரத்திட்டாங்கன்னு நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா நாங்களும் அதைத்தான் சொல்லுவோம். கதவைப் பிரிச்சுக் குதிக்கிறவனுக்குத்தான் கால் உடையும். உள்ளயே இருந்து மணிய அடிக்கணும்." அதன் பிறகு அவர் ராஜினாமாவைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு நோட்டு வாங்கினேன். டைரியையும் செய்திகளையும் பார்த்து எட்டு மாதத்தை வரிசையாக எழுதினேன். தேதி, நேரம், இடம், சொன்ன சொல், கேட்டவர்கள். நினைவில்லாத நாளை எழுதவில்லை. புதிதாக நடப்பதை அன்றன்றே எழுதினேன். இருபத்து மூன்று சம்பவங்கள் தேறின. அதில் ஒன்று, பணிநேர மாற்றச் செய்தியை எனக்கு மட்டும் அனுப்பவில்லை என்பது. ஒரு வாரம் கழித்து என் போனிலேயே அந்தச் செய்தி கிடந்தது, நான்தான் கூடத்து வாட்ஸ்அப் குழுவை ஒலி அடக்கி வைத்திருந்தேன். பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. எங்கள் கூடத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து. அப்படியே செய்தேன். இருபத்திரண்டு ஆனது.

புகார் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. கொடுமை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. கடைசியில் என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லியிருந்தார் வழக்கறிஞர். திட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும், தாள்களைப் பெயர் சொல்லி வாசிப்பதை நிறுத்த வேண்டும், விசாரணை முடியும் வரை என்னை வேறொருவர் மேற்பார்வையிட வேண்டும். எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். மனிதவள அதிகாரி, முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர், இரண்டு வாரத்தில் விசாரணை என்றார். அதுவரை திட்டம் நடப்பில்தான் இருக்கும் என்றும் சொன்னார். மேற்பார்வை மாற்றத்தைப் பிறகு பார்க்கலாமாம்.

விசாரணைக்கு ஒரு சக ஊழியரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். சம்பந்தியைக் கேட்டேன். "எனக்கு அன்னைக்கு லீவு" என்றாள். எந்த நாள் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. அந்தப் பதில் எனக்குச் சிவப்பு மையின் பேச்சைவிட அதிகமாக வலித்தது. கொசு வருகிறேன் என்றார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான் ஒரு தப்புச் செய்தேன்.

இரண்டு நோயாளிகளின் டியூப்களைச் சுழற்றி, மேலே தெளிந்த நீரைச் சின்ன டியூப்களில் மாற்றி லேபிள் ஒட்டினேன். முடிவு வந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு நேற்று வரை நான்குக்கு மேல் இருந்தவருக்கு இன்று ஒன்றுக்கும் கீழே. ஒரே நாளில் யாருக்கும் அப்படிக் குறையாது. பார்த்த அந்த நொடியே புரிந்தது, லேபிள்கள் மாறிவிட்டன. முதல் டியூப்களில் இருந்து மறுபடி எடுத்து, கருவியில் மறுபடி ஓட்டி, சரியான முடிவை அனுப்பினேன். தப்பான முடிவு கூடத்தை விட்டு வெளியே போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

சின்ன டியூப்களைக் கழிவு வாளியில் போட்டால் கதை முடிந்தது. மூன்று மாதத்தில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை. தாள் இல்லையென்றால் பிழை இல்லை. மற்ற பதினோரு பேரும் ஆறு மாதமாக அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தேன். திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு மகள் இருக்கிறாள், வீட்டுக் கடன் இருக்கிறது, இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. எல்லாம் நினைத்தேன். கூடவே, அந்த நான்குக்கு மேல் உள்ள மனிதரையும் நினைத்தேன். நேற்றைய முடிவு கணினியில் இல்லாத ஒருவராக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு டியூப்களையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுகிறோம், அதுதான் கோளாறு. நான் எழுதாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி மாற்றி ஒட்டுவாள்.

காலை எடுத்தேன். மூடி மூடிக்கொண்டது. தாளை எடுத்து எழுதிப் பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு நாள் பொறுத்து எழுதியிருக்கக் கூடாதா?"

"நேரம் போடணுங்க, அந்தத் தாள்ல."

விசாரணை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மனிதவள அதிகாரி. அவர் பக்கத்தில் தர அதிகாரி, வேறு கட்டடத்திலிருந்து வந்தவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். எதிரே சிவப்பு மை. இந்தப் பக்கம் நானும் கொசுவும். துணைக்கு வந்தவர் குறிப்பு எடுக்கலாம், இடைவேளை கேட்கலாம், எனக்குப் பதிலாகப் பதில் சொல்லக் கூடாது. கொசுவுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மனிதவள அதிகாரி நோட்டைப் புரட்டினார். அடித்திருந்த பக்கத்தில் நின்றார். "இது என்ன?"

"அது என் தப்பு. செய்தி வந்திருந்துச்சு, நான் பார்க்கலை."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். சிவப்பு மை தொண்டையைச் செருமினார்.

"நான் யாரையும் தனியாக் குறிவைக்கலை. எல்லாருக்கும் ஒரே அளவுகோல். இது உயிர் சம்பந்தப்பட்ட இடம், தப்பு நடந்தா பேசித்தான் ஆகணும்." கோப்பிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இது முந்தாநாள். திட்டத்துல இருக்கும்போதே லேபிளை மாத்தி ஒட்டியிருக்காங்க. பன்னிரண்டாவது. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

போச்சு என்றுதான் நினைத்தேன்.

தர அதிகாரி கண்ணாடியை இறக்கித் தாளை எடுத்துப் படித்தார். "இந்தத் தப்பை யார் கண்டுபிடிச்சது?"

"அவங்களேதான்" என்றார் சிவப்பு மை.

"தப்பான ரிப்போர்ட் வெளிய போச்சா?"

"இல்லை."

"அவங்க எழுதலன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தர அதிகாரி தன் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த லேப்ல மாசம் பதினஞ்சு, இருபது தாள் வந்திருக்கு. நீங்க வந்து மூணாவது மாசத்துலேர்ந்து மாசம் ஒண்ணு, ரெண்டு. எல்லாமே இவங்க பேர்ல. மத்த பதினோரு பேரும் ஆறு மாசமா ஒரு தப்புகூடப் பண்ணலையா?"

"முன்னேறியிருக்காங்க."

கொசுவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டார்.

"தாளைக் கூட்டத்துல பெயர் சொல்லி வாசிச்சீங்களா?" மனிதவள அதிகாரி கேட்டார்.

"வாசிச்சேன். எல்லாரும் கத்துக்கணும்ல."

"விஞ்ஞானின்னு சொன்னீங்களா?"

"அது... தமாஷுக்கு."

"சின்னப் பிள்ளைன்னு?"

"அதுவும் ஒரு பேச்சுக்குத்தான்."

அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பதினொன்றாவது தாளை நான் கேட்டு வாங்கி மேசையில் வைத்தேன். "இதை நான் எழுதலை. நான் பண்ணலைன்னு அப்பவே சொன்னேன். என் லாகின்தான், ஆனா அந்த நேரத்துல நான் சாப்பிடப் போயிருந்தேன்." விசாரிக்கிறோம் என்றார்கள். கூடத்தில் மற்றவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சம்பந்தி போய்வந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். சட்டப்படியான துன்புறுத்தல் நடந்ததாக முடிவு செய்ய இயலாது. ஆனால் பணியிட மரியாதை விதி மீறப்பட்டுள்ளது. பிழைத் தாள்களைப் பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தியது தரக் கொள்கைக்கு முரணானது. மேம்பாட்டுத் திட்டம் ரத்து செய்யப்படுகிறது, என் கோப்பிலிருந்தும் நீக்கப்படும். இனித் தாள்கள் நேராகத் தர அதிகாரிக்குப் போகும். என் மேற்பார்வை வேறு பிரிவுத் தலைவருக்கு மாற்றப்படுகிறது. பதினொன்றாவது தாளின் பொறுப்பு உறுதிப்படவில்லை. புகார் கொடுத்ததற்காக எந்தப் பழிவாங்கலும் கூடாது, நடந்தால் உடனே தெரிவிக்கவும். மூன்று மாதம் கழித்து நிலைமை மறுபடி பார்க்கப்படும். திருப்தி இல்லையென்றால் பத்து நாளில் மேல்முறையீடு.

மேலாளர் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று மனிதவள அதிகாரியிடம் கேட்டேன். "எடுத்திருக்கோம். விவரம் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அது ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை. அவரைத் தூக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வைக்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் நின்று கூட்டம் நடத்தினார். ஆனால் கையில் மஞ்சள் தாள் இல்லை, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் மேல்முறையீடு செய்யவில்லை. எனக்கு என் பெஞ்ச் வேண்டும் என்றுதான் போனேன், அது கிடைத்தது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்கு முன்னால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் எழுதிய தாள்.

"இதைப் படி" என்றாள்.

படித்தேன். அந்தச் சர்க்கரை முடிவு. நான் சாப்பிடப் போனபோது திறந்து கிடந்த என் திரையில் அவள்தான் ஏற்றியிருக்கிறாள், பெயர் மாறி. பதினொன்றாவது அவளுடையது.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"விசாரணையில கேட்டப்போ?"

"தெரியாதுன்னு சொன்னேன்." கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "உன்னைக் கிழிக்கிறதைத் தினமும் பார்த்துட்டு, அடுத்து நான்தான்னு எப்படிடி எழுதுவேன்?"

எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. என் வேலை போயிருக்கும். என் பெண்ணும் அவள் பெண்ணும் ஒரே பள்ளிக்கூட வேனில் போகிறார்கள், அந்த வேனைப் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருந்திருக்கிறாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லலாம். சொல்லக் கேட்க எட்டு பேர் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் அப்படி நின்று கேட்டவள் நான்.

தாளை மறுபடி பார்த்தேன். "நேரம் போடலை" என்றேன். என் பேனாவைக் கொடுத்தேன்.

அவள் சுவரில் தாளை வைத்து எழுதினாள். அதற்குள் நான் இன்னொரு தாளை உருவி, திரையைப் பூட்டாமல் சாப்பிடப் போனது நான் என்று எழுதினேன். தேதி, நேரம், கையெழுத்து. பதின்மூன்றாவது.

"நீ முதல்ல போடு" என்றேன்.

போட்டாள். பிறகு நான் போட்டேன். அவளோடு நான் பேச இரண்டு நாள் ஆயிற்று.